௪-ஆ ௬-ஆ? பழைய கடன் சீட்டு படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தாத்தா 1936-இல் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எழுதிக் கொடுத்த கடன் சீட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். கையில் இருப்பது போனில் எடுத்த படம் மட்டுமே. தேதி சாதாரண எண்ணில் இருக்கிறது. தொகை மட்டும் தமிழ் எண்ணில்.

முதலில் ௨௱௪௰ என்று படித்து 240 வெள்ளி என எழுதிவிட்டேன். (என் தம்பி அதையும் ‘உ, ச, ய’ என்று எழுத்தாகவே படித்தான்!) பெரிதாக்கிப் பார்த்தால் நடு எண்ணின் கீழே, மடிப்பு ஓடும் இடத்தில், ஒரு வால் தெரிகிறது. ௪ என்பது ‘ச’ மாதிரி, ௬ என்பது ‘சு’ மாதிரி. வால் உண்மையானால் தொகை ௨௱௬௰, அதாவது 260.

பின்பக்கம் மாதம் 20 வெள்ளி கட்டிய வரவு 12 வரி. பதின்மூன்றாவது வரி இருந்திருக்கக்கூடிய மூலை கிழிந்திருக்கிறது. 240 என்றால் கடன் அடைந்தது. 260 என்றால், அந்த வரி இல்லாதிருந்தால் 20 வெள்ளி பாக்கி.

அந்தக் காலக் கையெழுத்தில் ௪-க்கும் வால் இழுப்பார்களா? கமென்டில் படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.