புதுப்பிப்பு: கண்டியில் பஸ் மாறி யாழ்ப்பாணம்

"அம்மாவோடு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, குட்ஷெட் பஸ் நிலையத்தில் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்க நேரம் போதுமா?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

போதும், போய்ச் சேர்ந்துவிட்டோம். மார்க்கெட் பக்கமாக ரயில் நிலையத்தை நோக்கி நடந்தால் சாதாரணமாகப் பத்து நிமிடம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, இரண்டு பைகள் வேறு. அதனால் ஆட்டோ பிடித்தோம். நெரிசலில் அது நடையைவிட மெதுவாகத்தான் போனது. பை இல்லாதவர்கள் நடப்பதே நல்லது.

கட்டுமான வேலையால் பஸ் நிற்கும் இடம் மாறும் என்று ஒரு அண்ணன் எச்சரித்தது மிகவும் உதவியது. இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேட்டுக்கொண்டோம்.

கட்டுகஸ்தோட்டையில் ஏறலாம் என்று ஒரு தம்பி சொன்னதும் சரிதான், பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் அங்கே சீட் கிடைக்குமா? மாத்தளை தாண்டியும் பலர் நின்றுகொண்டே வந்தார்கள்.

பதுளை பஸ் பற்றிக் கேட்ட அக்கா, அது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.