பணம் வரணும், பின் நம்பர் தப்புன்னு வருது. அவசரம்!

கோட்டூர்_விவசாயி · காலை 9.12
எனக்கு வரவேண்டிய பணம் வர மாட்டேங்குது. பின் போட்டா தப்புன்னு வருது. ரெண்டு தடவை போட்டாச்சு, இன்னொரு தடவை தப்பானா லாக் ஆயிடும்ங்கிறாங்க. பின்னை எப்படி மாத்துறது? அவரு லைன்லயே காத்துக்கிட்டிருக்காரு, யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

செல்கடை_வலங்கைமான் · 9.15
எந்த பேங்க், எந்த ஆப்புன்னு சொல்லலையே அண்ணே. சமீபத்துல சிம் மாத்துனீங்களா? பின்னை மாத்துறது ரெண்டு நிமிஷ வேலை. ஏடிஎம் கார்டோட கடைசி 6 எண்ணையும், கார்டு முடியுற மாதம், வருஷத்தையும் போட்டா ஓடிபி வரும். கார்டு கையில இல்லைன்னா ஆதார் வழியாவும் மாத்தலாம்.

பாமணிக்கரை · 9.17
எனக்கும் நேத்து ராத்திரி ரெண்டு தடவை போகலை. சர்வர்தான். அரை மணி நேரம் விட்டுப் பாருங்க.

ஓய்வுபெற்ற_கேஷியர் · 9.18
யாரும் இப்ப பின்னை மாத்தச் சொல்லாதீங்க. கோட்டூர் தம்பி, மூணாவது தடவை போடாதீங்க, முதல்ல அந்த போனை வைங்க. பணம் உங்களுக்கு வரணும்னா பின் எதுக்கு? அனுப்புறவர் யாரு, எவ்வளவு, எதை அழுத்துனப்ப பின் கேட்டுச்சு? இதைச் சொல்லுங்க.

வெண்ணாறு_மகள் · 9.21
எங்க அம்மாவுக்கும் இதே பிரச்சினைதான். 3 மாசமா கேஸ் மானியம் ஏறலை. பின் வைக்காததாலயா?

செல்கடை_வலங்கைமான் · 9.23
அது வேற அக்கா. மானியத்துக்குப் பின்னே கிடையாது. ஆதார் எந்தக் கணக்கோட இணைஞ்சிருக்குன்னு பேங்க்ல கேளுங்க, பழைய கணக்குக்குப் போயிக்கிட்டிருக்கும்.

கோட்டூர்_விவசாயி · 9.26
வைக்கோல் கட்டு விக்கிறேன்னு போட்டோ போட்டிருந்தேன். வெளியூர்ல மாட்டுப் பண்ணை வச்சிருக்கேன்னு ஒருத்தர் பேசினார், விலையே குறைக்கலை. அட்வான்ஸ் 5,000 தர்றேன்னார். சோதனைக்கு முதல்ல 10 ரூபாய் அனுப்பினார், அது வந்துடுச்சு. மீதி 4,990க்கு க்யூஆர் அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் போட்டா உங்க கணக்குல ஏறிடும்னார். போட்டா ZMனு வருது. போன வாரம் பையன் பின்னை மாத்திட்டான், அது மறந்துபோச்சு.

ஓய்வுபெற்ற_கேஷியர் · 9.34
ZMனா நீங்க போட்ட பின் தப்புன்னு உங்க பேங்க் திருப்பி அனுப்பிடுச்சுன்னு அர்த்தம். நல்ல வேளை. சரியான பின் போட்டிருந்தா 4,990 உங்க கணக்குலேர்ந்து அவனுக்குப் போயிருக்கும்.

அந்த 10 ரூபாய் வந்துச்சே, அதுக்கு என்ன பின் போட்டீங்க? போன போகம் கொள்முதல் நிலையத்துல நெல் போட்ட பணம் கணக்குல விழுந்தப்ப யாராவது பின் கேட்டாங்களா? போனை அணைச்சு வச்சிருந்தாலும் விழுந்திருக்கும்.

நான் கவுண்டர்ல உக்காந்திருந்த காலத்துலயும் இப்படித்தான். உங்க கணக்குல பணம் கட்ட யாரு வேணா சலான் எழுதலாம், உங்க கையெழுத்தை நாங்க கேட்டதில்லை. எடுக்குற சீட்டு வந்தாத்தான் கையெழுத்து அட்டையை எடுத்து ஒத்துப் பார்ப்போம். பின்னுங்கிறது அந்தக் கையெழுத்து. நீங்க தட்டுற எண் போன்லயே பூட்டு போட்டு உங்க பேங்குக்குப் போகும். அவங்க ஒத்துப் பார்த்துப் பணத்தைக் கழிச்சாத்தான் அடுத்த பேங்குக்கு ‘இவ்வளவு சேர்த்துக்கோ’ன்னு தகவல் போகும். அந்த பேங்க் பார்க்குறது இப்படி ஒரு கணக்கு இருக்கா, நடப்புல இருக்கான்னு மட்டும்தான். பணம் வாங்குறவர் பின் போட்டா அதை வாங்கிச் சரிபார்க்க அந்தப் பாதையில ஆளே இல்லை.

திருவாரூர்_டெக் · 9.41
மாசத்துக்கு நாலு பேர் இதையே கேக்குறீங்க, பழைய இழைகளைத் தேடிப் படிச்சுட்டு வந்தா என்ன? கேஷியர் ஐயா சொன்னதுலயும் ஓட்டை இருக்கு. பேலன்ஸ் பார்க்கவும் பின் வேணும், அப்ப பணம் எங்கேயும் போறதில்லை. யூபிஐ லைட்ல சின்னத் தொகை பின் இல்லாமலே போகுது. ‘அனுப்ப மட்டும் பின்’னு சொல்லிக்கொடுத்தா பின் கேக்காத இடத்துல ஜனங்க அசந்து போவாங்க.

ஓய்வுபெற்ற_கேஷியர் · 9.46
பேலன்ஸ் விஷயம் நீங்க சொன்னது சரி, நான் விட்டுட்டேன். ஆனா லைட்டுக்கு முன்கூட்டியே பணத்தை எடுத்து வைக்கும்போது பின் போட்டுத்தான் வைக்கிறோம். மாசாமாசம் தானா கழியுற ஆட்டோபேயும் அப்படித்தான், முதல் நாள் போட்ட பின் அத்தனை மாசத்துக்கும் சம்மதம். எங்கே திரும்பினாலும் பணம் வாங்கப் பின் கிடையாதே.

திருவாரூர்_டெக் · 9.49
‘வாங்கப் பின் வேண்டாம்’னா ஒத்துக்குறேன். ‘அனுப்ப மட்டும்’ங்கிறதை ஒத்துக்க மாட்டேன்.

பாமணிக்கரை · 9.52
க்யூஆர் சும்மா காட்டுறான். அந்த ஆள் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பியிருப்பான், இவர் அதை அப்ரூவ் பண்ணப் பார்த்திருப்பார்.

செல்கடை_வலங்கைமான் · 9.58
ஆளுக்கு ஆள் அனுப்புற ரிக்வெஸ்ட்டை 2025 அக்டோபர் 1லேர்ந்து நிறுத்திட்டாங்க. கடைக்காரங்க அனுப்புறது இன்னும் இருக்கு. இது க்யூஆர்தான். நான் அவசரப்பட்டு பின்னை மாத்தச் சொன்னது தப்பு அண்ணே, மன்னிச்சுக்குங்க. கடையில தினம் க்யூஆர் அச்சடிக்கிறேன், அதுக்குள்ள இருக்கிறது இந்த மாதிரி ஒரு வரி:

```
upi://pay?pa=...&pn=...&am=4990&tn=RECEIVE
```

`pay`னா கொடுன்னு அர்த்தம். `pa` பணம் போய்ச் சேருற முகவரி, `am` தொகை. `tn` வெறும் குறிப்பு, அதுல க்யூஆர் செஞ்சவன் எதை வேணா எழுதலாம். உங்க திரையில ‘RECEIVE’ மாதிரி ஏதாவது பார்த்தீங்களா?

கோட்டூர்_விவசாயி · 10.05
ஆமா, ‘RECEIVE ADVANCE’னு இருந்துச்சு. அதை நம்பித்தான் போட்டேன்.

செல்கடை_வலங்கைமான் · 10.08
அது அவன் எழுதுனது. பின் போடுற பக்கத்துல மேல பாருங்க, யாருக்கு, எவ்வளவுன்னு போட்டிருக்கும். அது ஆப் போடுறது. அங்க உங்க பேரா இருந்துச்சு?

வெண்ணாறு_மகள் · 10.11
அம்மா கணக்கு பழைய பேங்க்லதான் இணைஞ்சிருக்கு. நன்றி தம்பி.
கோட்டூர் அண்ணன் இப்ப போலீஸ்ல சொல்லணுமா?

ஓய்வுபெற்ற_கேஷியர் · 10.19
பணம் போயிருந்தா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம 1930க்குக் கூப்பிடணும், பேங்குக்கும் சொல்லணும். அந்தப் பக்கம் அவன் எடுக்குறதுக்குள்ள நிறுத்திவச்சாத்தான் உண்டு. பின்னை நீங்களே போட்டதால பேங்க் ‘நீங்க சொல்லித்தானே அனுப்பினோம்’னு நிக்கும், திரும்ப வாங்குறது ரொம்பக் கஷ்டம். எங்க கிளைக்கு அழுதுக்கிட்டு வந்த ஒரு அம்மாவை இன்னும் மறக்க முடியலை. விதை உளுந்து வித்த கணக்குல 18,000 போயிடுச்சு, ‘வரும்னு சொன்னாங்க, வரும்னு சொன்னாங்க’ன்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க.

உங்களுக்குப் போகலை. அப்ப sancharsaathi.gov.in தளத்துல சக்ஷுங்கிற பகுதியில அந்த நம்பரைப் புகார் பண்ணுங்க. இன்னைக்கு முழுக்கப் பின் போடாம இருங்க. Z6னு வந்தா தப்பான முயற்சி எல்லை தாண்டிடுச்சுன்னு அர்த்தம். சாவகாசமா பையனை வச்சுக்கிட்டு மாத்திக்கலாம்.

பாமணிக்கரை · 10.24
அந்த 10 ரூபாயைத் திருப்பி அனுப்பணுமா? வச்சிருந்தா பின்னாடி கணக்கை முடக்கிடுவாங்களோ?

திருவாரூர்_டெக் · 10.27
அவன் கேட்டா கொடுக்கலாம்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, அடுத்த க்யூஆர் வரும். பேங்க்ல எழுதிக்கொடுத்து வைக்கிறது நல்லது.

ஓய்வுபெற்ற_கேஷியர் · 10.30
10 ரூபாய்க்கெல்லாம் எழுதிக்கொடுக்கச் சொன்னா கிளையில வாங்குவாங்களான்னு எனக்குச் சந்தேகம்தான்.

கோட்டூர்_விவசாயி · மாலை 6.40
பாஸ்புக் போட்டுப் பார்த்தேன், பணம் அப்படியே இருக்கு. பின் போடுற பக்கத்துல வேற எவனோ பேருதான் இருந்திருக்கு, பையன் காட்டினான். காலையில 11 தடவை கூப்பிட்டான், எடுக்கலை. கட்டுகளை மன்னார்குடி ஆள் ஒருத்தர் வண்டி கொண்டாந்து ஏத்திட்டுப் போனார், பணத்தைக் கையில வாங்கிட்டேன். எல்லாருக்கும் நன்றி.