அரிசியைப் பாதிக்கு மேல் தீட்டிய சாக்கேயைச் சூடாக்கலாமா?

கோபேவாசி:
கோபேயில் ஒரு கடையில் இரண்டு புட்டி வாங்கினேன். ஒன்று ஜுன்மாய், கிமோட்டோ, 70 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இன்னொன்று ஜுன்மாய் டாய்கின்ஜோ, 45 சதவீதம், விலை இரண்டு மடங்குக்கு மேல். நேற்று நல்ல குளிர், இரண்டையும் சூடாக்கிக் குடித்தேன். விலை கூடியது கசந்தது, மலிவானது அருமையாக இருந்தது. நான் சூடாக்கியது தப்பா, இல்லை இந்தத் தீட்டும் கணக்கில்தான் ஏதோ கோளாறா?

செந்நெல்:
கோளாறு ஒன்றும் இல்லை நண்பரே, எண்ணைப் பாருங்கள். 70 சதவீதம் தீட்டியது 45 சதவீதம் தீட்டியதைவிட நன்றாகத்தானே இருக்கும்? கடைக்காரர் விலையை மாற்றி ஒட்டிவிட்டார் போல.

யமனோத்தே:
செந்நெல், கணக்கு தலைகீழ். அந்த எண் எவ்வளவு தீட்டினார்கள் என்பதல்ல, தீட்டியபிறகு எவ்வளவு மிச்சம் என்பது. 45 என்றால் ஒரு கிலோ பழுப்பரிசியில் 450 கிராம்தான் சாக்கேக்குப் போகிறது. நாம் சோற்றுக்குப் பயன்படுத்தும் வெள்ளை அரிசியில் பத்தில் ஒரு பங்குதான் தவிடாகப் போகிறது. அதனால் எண் குறையக் குறைய உயர்ந்த சரக்கு. 60 அல்லது அதற்குக் கீழே கின்ஜோ, 50 அல்லது அதற்குக் கீழே டாய்கின்ஜோ. ஜுன்மாய் என்றால் ஆல்கஹால் சேர்க்காதது.

கோபேவாசி, உங்கள் தப்பு சூடாக்கியதுதான். நல்ல சாக்கேயைச் சூடாக்கவே கூடாது. சூடு என்பது மட்டமான சரக்கின் குறையை மறைக்க வந்த வழி. பத்து டிகிரியில் வைத்து ஒயின் கோப்பையில் ஊற்றிக் குடியுங்கள், அப்புறம் பேசுவோம்.

அரிசிக்கழுவி:
ஹியோகோவில் ஒரு சாக்கே ஆலையில் நான்கு குளிர்காலம் அரிசி கழுவி ஊறவைக்கும் பக்கம் வேலை பார்த்தேன். யமனோத்தே எண்ணைச் சரியாகச் சொன்னார். ஆனால் "எண் குறைந்தால் உயர்வு, உயர்வென்றால் குளிர்" என்று இரண்டையும் முடிச்சுப் போட்டதை ஏற்க மாட்டேன்.

அரிசியை ஏன் தீட்டுகிறார்கள் என்பதிலிருந்து வருவோம். மணியின் வெளிப்பக்கத்தில் புரதமும் கொழுப்பும் தாதுக்களும் அதிகம், நடுவில் மாவுச்சத்து. யமதா நிஷிக்கி மாதிரி சாக்கேக்கென்றே விளைவிக்கும் நெல்லில் நடுவே சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல ஒரு வெள்ளை இருக்கும், விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கோஜி பூசணத்தின் இழை அதற்குள் எளிதாக இறங்கும். புரதம் நொதிக்கும்போது அமினோ அமிலமாகிறது, சாக்கேக்குக் கனமும் குழம்புச் சாறு போன்ற சுவையும் கொடுப்பது அதுதான். மிஞ்சினால் கரகரப்பு. கொழுப்பு இருந்தால் ஈஸ்ட் பழவாசனையை நன்றாக விடாது. ஆக, ஆழமாகத் தீட்டும்போது கனத்தைக் கொடுத்து வாசனையை வாங்குகிறோம். ஒன்றைவிட இன்னொன்று உயர்வு என்று அதில் எங்கே இருக்கிறது?

தீட்டுவது எளிதும் அல்ல. வேகமாகச் சுற்றினால் சூடேறி மணி வெடித்துக் குருணையாகும். பாதிக்குக் கொண்டுவர இரண்டு நாளாவது ஆகும். தீட்டிய அரிசி வறண்டு கிடக்கும், வாரக்கணக்கில் பைகளில் ஆறவிட்டுத்தான் தொடுவோம். அவசரப்பட்டு நனைத்தால் கண்ணெதிரே கீறல் விழும். 40 சதவீத அரிசி வரும் நாளில் ஊறவைக்க ஸ்டாப்வாட்ச்சோடு நிற்போம். சில நிமிடம்தான் ஊறும், அரை நிமிடம் தவறினாலும் அன்றைக்கு வேகவைத்த அரிசி கையில் ஒட்டும். கோஜி இழை உள்ளே இறங்காமல் மேலாகப் படர்ந்துவிடும். உங்கள் டாய்கின்ஜோவின் விலையில் பெரும்பங்கு இந்த உழைப்புக்கும், தவிடாகவும் மாவாகவும் போன அரிசிக்கும்தான். அந்த மாவை அரிசி அப்பளம் செய்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள், வீணாகாது.

யமனோத்தே:
உழைப்பு அவ்வளவு என்றால் அந்த வாசனையை நெருப்பில் ஏன் விட வேண்டும்? நீங்கள் சொன்னதே என் கட்சிதானே, அண்ணா?

அரிசிக்கழுவி:
பாதி உங்கள் கட்சி. அவருடைய டாய்கின்ஜோ எவ்வளவு சூடு வரை போனது என்பதுதான் கேள்வி. கோபேவாசி, எப்படிச் சூடாக்கினீர்கள்?

கோபேவாசி:
இரண்டையும் மைக்ரோவேவில் ஒரு நிமிடம். கோப்பையைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அரிசிக்கழுவி:
அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவ்வளவு சூட்டில் ஆப்பிள் வாசனை முதலில் குப்பென்று மூக்கில் ஏறி, உடனே ஓடிவிடும். கூடவே ஆல்கஹால் ஆவி மூக்கைக் குத்தும். வாசனை போனபிறகு நாக்கில் தாங்க ஏதாவது வேண்டும். வெளிப்பக்கத்தைத் தீட்டி எடுத்துவிட்டதால் அந்தச் சாக்கேயில் கனம் குறைவு, கசப்புதான் முன்னால் நின்றது. குளிராக வைத்திருந்தால் கசப்பு அடங்கியிருக்கும்.

70 சதவீதம் தப்பித்ததற்குக் காரணம் அந்த எண் மட்டும் இல்லை, 'கிமோட்டோ' என்ற சொல். அந்த முறையில் லாக்டிக் அமிலத்தைப் புட்டியிலிருந்து ஊற்றாமல் பாக்டீரியாவையே வளர்த்துப் புளிக்கவைப்பார்கள். ஈஸ்ட் மாவு எழும்ப நாலு வாரம் ஆகும், மற்றதற்கு ஏறக்குறைய பாதி நாள் போதும். அந்தப் புளிப்பு சூட்டில்தான் மலரும். குளிரில் இறுகிக் கிடக்கும், 45 டிகிரியில் பால் பதார்த்தம் மாதிரி வட்டமாக வரும். அதனால் லேபிளில் எண்ணைப் பார்க்கும் முன் கிமோட்டோ, அதன் தம்பி முறையான யமஹாய் என்ற சொற்களைத் தேடுங்கள். இருந்தால் ஒருமுறை சூடாக்கிப் பாருங்கள். முதலில் பழவாசனை தூக்கினால் குளிரவையுங்கள்.

வடக்குவாசல்:
குளிரவைப்பது பற்றி ஒரு சந்தேகம். போன சித்திரையில் ஊருக்குப் போகும் முன் ஒரு புட்டி வாங்கி அலமாரியில் வைத்தேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் ஊறவைத்த காய்கறி மாதிரி நாற்றம், நிறமும் மஞ்சள். குளிராகக் குடித்தும் சரிப்படவில்லை. சூடாக்கியிருந்தால் சரியாகியிருக்குமா?

அரிசிக்கழுவி:
ஆகியிருக்காது. லேபிளில் 'நாமா' என்று போட்டிருந்ததா? அது சூடுகாட்டாத சாக்கே. மற்றதை 60, 65 டிகிரியில் ஒருமுறையாவது இரண்டு முறையாவது காய்ச்சி ஈஸ்ட்டையும் நொதிகளையும் அடக்குவார்கள். நாமாவில் அவை இன்னும் வேலை செய்கின்றன. வாங்கிய நாள் முதல் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். உங்கள் கேள்வி குடிக்கும் சூட்டைப் பற்றியதல்ல, வைக்கும் இடத்தைப் பற்றியது.

வடக்குவாசல்:
நாமா என்றுதான் இருந்தது. கடைக்காரர் சொல்லியிருக்கலாம்.

ஃபுகுவோகா அக்கா:
நான் ஒரு சின்ன இசகாயாவில் ஏழு வருஷமாக அடுப்படியில் நிற்கிறேன். "நல்ல சாக்கேயைச் சூடாக்கவே கூடாது" என்று யமனோத்தே தம்பி சொன்னதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் கடையில் வரும் 50 சதவீத ஜுன்மாய் டாய்கின்ஜோ ஒன்றைத் தினமும் நாற்பது டிகிரியில் கொடுக்கிறோம், வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். வாசனை பெரிதாக இல்லாத, நிதானமான வகை அது. தப்பு ஐம்பது டிகிரி, சூடு அல்ல.

கோபேவாசி தம்பி, மைக்ரோவேவை விடுங்கள். அதில் குடுவையின் கழுத்து கொதிக்கும், அடி பச்சைத்தண்ணீராக இருக்கும். சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, தொக்குரிக் குடுவையைக் கழுத்துவரை இறக்குங்கள். 180 மில்லி ஊற்றினால் விளிம்புக்கு ஒரு விரல் இடம் விடுங்கள், சூடேறும்போது சாக்கே மேலே ஏறிவரும். இரண்டு நிமிடத்தில் எடுத்து அடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நாற்பதுக்குப் பக்கம். சூடு என்று விரல் சொன்னால் நாற்பத்தைந்து. இன்னொரு நிமிடம் விட்டால் ஐம்பது. மண் குடுவை மெதுவாக ஏறும், தகரக் குவளை சட்டென்று ஏறும், அதனால் முதல் தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பழகுங்கள்.

யமனோத்தே:
நாற்பதை ஒப்புக்கொள்கிறேன், நான் குடித்ததில்லை. ஆனால் இன்னொன்று. ஆல்கஹால் சேர்த்த சாக்கே என்றாலே தண்ணீர் ஊற்றியது, அதைத்தானே சூடாக்கி விற்றார்கள்? போருக்குப் பிறகு அரிசிப் பஞ்சத்தில் மூன்று மடங்காகப் பெருக்கினார்கள் என்று படித்திருக்கிறேன்.

அரிசிக்கழுவி:
பஞ்சக் காலத்துக் கதை உண்மை. சர்க்கரையும் அமிலமும் கூடச் சேர்த்தார்கள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆல்கஹால் சேர்க்கும் ஹொன்ஜோசோ வகையிலும் ஜுன்மாய் என்று போடாத டாய்கின்ஜோவிலும் ஆல்கஹால் தீட்டிய அரிசியின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிழியும் முன் கொஞ்சம் ஊற்றினால் சக்கையில் ஒட்டியிருக்கும் வாசனை ஆல்கஹாலில் கரைந்து சாக்கேக்கு வந்துவிடும், அதற்காகத்தான் ஊற்றுகிறார்கள். 1911 முதல் நடக்கும் தேசிய புதுச்சாக்கே போட்டியில் தங்கம் வாங்கியவற்றில் இப்படி ஊற்றியவை நிறைய.

இன்னொன்று, ஜுன்மாய்க்குத் தீட்டும் அளவு 2004 முதல் கட்டாயமில்லை. 80 சதவீத ஜுன்மாயும் கடையில் கிடைக்கும். முன்பு அதையும் 70க்குள் தீட்டியாக வேண்டும்.

செந்நெல்:
80 சதவீதம் என்றால் நம் சோற்று அரிசிக்குப் பக்கத்தில்தானே! அதைச் சூடாக்கினால் எப்படி இருக்கும்?

ஃபுகுவோகா அக்கா:
தானிய வாசம் தூக்கலாக, கஞ்சி வடித்த அடுப்படி மாதிரி இருக்கும். மிசோ போட்டு வதக்கிய கத்தரிக்காயோடு எங்கள் கடையில் ஐம்பதில் கொடுப்போம்.

யமனோத்தே:
கத்தரிக்காய்க்கு அது சரி. பச்சை மீனோடு 45 சதவீத டாய்கின்ஜோவைப் பத்து டிகிரியில் குடிப்பதைவிட நாற்பதில் குடிப்பது மேல் என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

ஃபுகுவோகா அக்கா:
நம்ப வேண்டாம் தம்பி. கொழுப்பான மீனோடு ஒருநாள் குடித்துவிட்டு எழுதுங்கள்.

அரிசிக்கழுவி:
இதில் நான் யமனோத்தே பக்கம், அக்கா. வாசனைக்காகவே செய்த 45 சதவீதம் நாற்பதில் பாதிதான் பேசும். உங்கள் கடைச் சரக்கு வேறு குணம்.

கோபேவாசி:
டாய்கின்ஜோ இன்னும் பாதி மிச்சம். இன்று மூன்று கோப்பை வைத்தேன்: குளிர்பெட்டியிலிருந்து எடுத்தது, அறைச் சூட்டில் இருந்தது, சட்டித் தண்ணீரில் நாற்பதுக்குக் கொண்டுவந்தது. பத்தில் பேரிக்காய் வாசனை, முடிவில் சின்னக் கசப்பு. அறைச் சூட்டில் இனிப்பு கூடி, வாசனை கோப்பைக்கு வெளியே நின்றது. நாற்பதில் கசப்பு வந்தது, ஆனால் நேற்று மாதிரி இல்லை. மனைவிக்குப் பிடித்தது நடுக்கோப்பை, எனக்கு முதல் கோப்பை. கிமோட்டோவைப் பத்தில் வைத்துப் பார்த்தேன், வாயில் வைத்ததும் இறுகிப்போய் ஒன்றும் தெரியவில்லை. அதே குவளையைத் தண்ணீரில் இறக்கினேன், மூன்றாம் நிமிடத்தில் திறந்தது.