மாலையில் மட்டும் கொதிக்கும் மில் மோட்டார்: ஆலோசனை தேவை

வணக்கம் உறவுகளே. தம்பலகாமத்தில் எங்கள் நெல் மில் லைனின் கடைசியில் இருக்கிறது. 11 கிலோவாட் த்ரீ ஃபேஸ் மோட்டார், பிளேட்டில் 21 அம்பியர். பகலில் நன்றாக ஓடுகிறது. மாலையில் ஊரில் லைட் எரியத் தொடங்கியதும் கை வைக்க முடியாத சூடு, அரை மணியில் ஓவர்லோட் ரிலே விழுகிறது.

நேற்று மாலை அளந்தேன். ஃபேஸ்களுக்கு இடையே 392, 380, 368 வோல்ட். சராசரி 380, அதிலிருந்து விலகல் 12, அதாவது 3.2 சதவீதம். கறண்டோ 24, 20, 17 அம்பியர். விலகல் 18 சதவீதம். வோல்டேஜ் சமனின்மையின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கினால் சூடு எவ்வளவு கூடும் என்று தெரியும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் சுமார் 20 சதவீதம்.

மோட்டார் பழுதோ என்று மூன்று வயர்களையும் ஒரே வரிசையில் ஒரு இடம் தள்ளி மாட்டினேன். சுழலும் திசை மாறவில்லை, 24 அம்பியரும் அதே லைனிலேயே நின்றது. ஆகவே கோளாறு சப்ளையில்தான்.

ரிலேயைக் கூட்டி வைக்கச் சொல்கிறார்கள். காயில் கருகிவிடும், மாட்டேன். லைன் சரியாகும் வரை லோடை எவ்வளவு குறைக்கலாம்? பத்து சதவீதம் போதுமா? சமனின்மை ரிலே போட்டவர்கள் எத்தனை சதவீதத்தில் வைத்தீர்கள்? அறுவடை நெல் குவிந்து கிடக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.