அம்மாவின் 6 நிமிடம் 40 நொடி: பழைய டேப் வீடியோவைப் பெரிதாக்கிய அனுபவம்

தேன்மொழி

1996-இல் வி.எச்.எஸ். டேப்பில் எடுத்த ஒரு வீடியோ எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து என் தம்பிக்குக் கதை படித்துக் காட்டுகிறார். அம்மாவின் குரல் பதிவாகியிருப்பது இந்த ஒன்றில்தான். நீளம் 6 நிமிடம் 40 நொடி. சில வருடங்களுக்கு முன்பே கணினிக்கு ஏற்றிவிட்டோம். அளவு 720x576, நொடிக்கு 25 பிரேம்.

போன மாதம் Real-ESRGAN என்ற நியூரல் நெட்வொர்க் மென்பொருளை வைத்து இதை 4 மடங்கு பெரிதாக்க உட்கார்ந்தேன். என் லேப்டாப்பில் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. ஒரு பிரேமுக்கு 6 நொடி ஆனது. மொத்தம் 10,000 பிரேம், அதாவது 16 மணி நேரத்துக்கு மேல். சரி, ஓடட்டும் என்று இரவு 10 மணிக்கு விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 4,400 பிரேம் சொச்சத்தில் நின்றிருந்தது. ஒவ்வொரு பிரேமும் 9 எம்பி அளவில் சேமிக்கப்பட்டதால், மிச்சமிருந்த 40 ஜிபி இடம் விடிவதற்குள் தீர்ந்துபோயிருக்கிறது.

அதைவிட மனதைப் பிசைந்தது அந்த 4,400 பிரேமில் நான் பார்த்த முகம். கூர்மையாகத்தான் இருந்தது, ஆனால் அது அம்மா இல்லை. இமை முடி மை தீட்டியது போலத் தடித்திருந்தது. பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வெள்ளைப் பட்டையாகிவிட்டன. பக்கத்தைத் திருப்பும்போது கை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள், அவையும் கூராக. இதே வேலையைச் செய்து பார்த்தவர்கள் உங்களுக்கு எந்த அளவுக்கு வந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லுங்கள்.

கண்ணப்பன்

முகத்துக்கென்றே தனியாக GFPGAN இருக்கிறதே, அதை ஓட்டுங்கள். என் அப்பாவின் பழைய போட்டோ ஒன்று தபால்தலை அளவில்தான் இருந்தது. அதில் போட்டதும் கண், மூக்கு எல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது. இப்போது சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். நேரப் பிரச்சினைக்கு நல்ல கார்டு வாங்குவதுதான் வழி. வீடியோ எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம், அதைக் குறைக்க முடியாது.

ரஹீம்

கண்ணப்பன் அண்ணா சொன்னது போட்டோவுக்குப் பொருந்தும். வீடியோவில் GFPGAN ஒவ்வொரு பிரேமிலும் முகத்தைப் புதிதாக வரைகிறது. முந்தின பிரேமில் என்ன வரைந்தது என்று அதற்குத் தெரியாது. அதனால் தலை கொஞ்சம் அசைந்தாலே முகம் ஆளுக்கு ஆள் மாறுவது போலத் துடிக்கும். என் அத்தையின் வீடியோவில் இதைச் செய்துவிட்டு இரண்டு நாள் வருத்தப்பட்டேன். போட்டோவிலும்கூட, அந்தக் கண் உங்கள் அப்பாவுடையதுதானா என்று பழைய படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள் அண்ணா.

தேன்மொழி, உங்கள் சிக்கல் பெரிதாக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அந்தச் சீப்புப் பல் கோடுகள் இன்டர்லேஸ். அந்தக் கால கேமரா ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகளை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் பதிவு செய்யும். கை அசையும்போது இரண்டும் பொருந்தாமல் பல் பல்லாகத் தெரியும். நெட்வொர்க்குக்கு அது பிழை என்று தெரியாது. உண்மையான கோடு என்று நம்பிக் கூராக்கிவிடும். முதலில் உங்கள் கோப்பு அப்படித்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்:

```
ffmpeg -i amma.avi -vf idet -f null -
```

கடைசியில் வரும் எண்ணிக்கையில் TFF அல்லது BFF பெரிதாகவும் Progressive சிறிதாகவும் இருந்தால் இன்டர்லேஸ்தான்.

இரண்டாவது விஷயம், பலர் நம்ப மறுப்பது. பெரிதாக்குவதற்கு முன் படத்தைச் சிறிதாக்குங்கள். வி.எச்.எஸ். டேப்பில் குறுக்குவாட்டில் உண்மையாகப் பதிந்திருக்கும் விவரம், படத்தின் முழு அகலத்துக்கும் கணக்கிட்டால் 320 பிக்சல் அளவுதான் வரும். 720 என்பது கணினிக்கு ஏற்றியபோது கொடுத்த அகலம். ஆகவே உங்களிடம் இருப்பது ஏற்கெனவே இழுத்துப் பெரிதாக்கப்பட்ட மங்கல் படம். அதை அப்படியே கொடுத்தால் நெட்வொர்க் மங்கலைத்தான் பெரிதாக்கும், நடுநடுவே இல்லாததை இட்டு நிரப்பும். 384x288-க்குக் குறைத்துக் கொடுத்தால் ஓரங்கள் நெருங்கி வரும், அதற்கு வேலை செய்யப் பிடி கிடைக்கும்.

இதில் நேரமும் குறைகிறது. பிரேமின் பரப்பு கிட்டத்தட்ட நான்கில் ஒன்றாகிவிடுவதால் 6 நொடி என்பது 1.6 நொடி அளவுக்கு வந்துவிடும். 10,000 பிரேமுக்கு நாலரை மணி நேரம். நீளம் மட்டும் நேரத்தைத் தீர்மானிப்பதில்லை, உள்ளே போகும் அளவும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. 4 மடங்கு ஆக்கினால் 1536x1152 கிடைக்கும். 720x576-ஐ அப்படியே பிரேமாக எடுத்தால் முகம் சற்று ஒல்லியாகிவிடும், 384x288 சரியான 4:3 என்பதால் அதுவும் தீர்ந்தது.

```
mkdir in out
ffmpeg -i amma.avi -vf "bwdif=mode=send_frame,scale=384:288" in/%06d.png
realesrgan-ncnn-vulkan -i in -o out -n realesrgan-x4plus -s 4 -f jpg
```

`-f jpg` போட்டால் டிஸ்க் நிரம்பாது. முழுவதையும் உடனே ஓட்டாதீர்கள். அம்மா தலை திருப்புவதும் கை அசைவதும் சேர்ந்து வரும் 10 நொடியை மட்டும் வெட்டி ஓட்டுங்கள். 250 பிரேம், ஏழு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரேமை நிறுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஓடவிட்டுப் பாருங்கள். நின்ற படத்தில் அழகாகத் தெரியும் சுவர், ஓடும்போது கொதிக்கிற தண்ணீர் மாதிரி அலையும்.

இளமாறன்

நானும் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய போனில் எடுத்த 3gp, 176x144, 40 நொடி. என் மகள் முதல்முதலாக நடந்தது. 500 பிரேம் சொச்சம்தான் என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது, ஆனால் போகப் போகச் சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம் ஆகிவிடுகிறது. பிரேம் எண்ணிக்கையை 50 ஆக்கினால் சரியாகுமா? நீங்கள் சொன்ன இன்டர்லேஸ் கட்டளையையும் போட்டேன், ஒன்றும் மாறவில்லை.

ரஹீம்

தம்பி, போன் வீடியோவில் இன்டர்லேஸ் கிடையாது, அதை விட்டுவிடுங்கள். 50 பிரேம் ஆக்குவது வேறு வேலை, அது இடையில் புதுப் பிரேம்களைச் செருகுவது. உங்கள் போன் வெளிச்சத்துக்கு ஏற்றபடி சில இடத்தில் 15, சில இடத்தில் 11 பிரேம் என்று எடுத்திருக்கும். திரும்பச் சேர்க்கும்போது எல்லாம் ஒரே வேகம் என்று வைத்துவிடுகிறோம், அதனால்தான் சத்தம் விலகுகிறது. பிரேமாக எடுக்கும்போதே `-vf fps=15` கொடுத்து, சேர்க்கும்போதும் `-framerate 15` கொடுங்கள்.

தரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 3gp-யில் படம் கட்டம் கட்டமாகச் சுருக்கப்பட்டிருக்கும். நெட்வொர்க் அந்தக் கட்ட ஓரங்களையும் வரைந்துவிடும், தரை ஓடு பதித்தது போல ஆகும். அந்த அளவில் குழந்தையின் முகம் 15 பிக்சல் இருந்தாலே அதிகம். அதிலிருந்து முகம் வராது. நடையும் உடையின் நிறமும் கொஞ்சம் தெளிவாகும், அவ்வளவுதான்.

இளமாறன்

சத்தம் சரியாகிவிட்டது அண்ணா. முகம் நீங்கள் சொன்ன மாதிரிதான். இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொண்டேன், அது போன் திரையில் பார்க்கப் போதும்.

வசந்தா

பாதியாகக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குறுக்கே 320 என்பது சரி. மேலிருந்து கீழாக 576 வரியும் டேப்பில் உண்மையிலேயே இருக்கிறது, அதை ஏன் 288 ஆக்க வேண்டும்? நான் ஒரு வீடியோவை 384x576 ஆகக் குறைத்து, பெரிதாக்கியபின் உயரத்தைச் சரிசெய்தேன். சுவரில் இருந்த பலகை எழுத்து இதில் கூடுதலாகப் படிக்க முடிந்தது.

ரஹீம்

அசையாத பொருளுக்கு நீங்கள் சொல்வது சரிதான் அக்கா. அசையும் இடத்தில் ஒரு கணத்துக்கு 288 வரிதானே கிடைக்கிறது? அதோடு முகம் இரண்டு மடங்கு நீண்டு உள்ளே போகிறது, அப்படிப்பட்ட முகத்தை மாடல் பழகியிருக்காது. உங்களுக்கு முகம் எப்படி வந்தது?

வசந்தா

முகம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. நீட்டியதால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அந்த ஆள் தூரத்தில் நின்றிருந்தார். எழுத்துக்கு என் வழிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தேன்மொழிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெட்வொர்க் தந்ததை மட்டும் வைத்துக்கொள்ளாதே அம்மா. மூல வீடியோவைச் சாதாரண முறையில் அதே அளவுக்குப் பெரிதாக்கி, ffmpeg-இல் `blend` வைத்து இரண்டையும் பாதிக்குப் பாதி கல. கூர்மை குறையும். ஆனால் தோல் மெழுகு போலத் தெரிவது போய்விடும், சுவர் அலைவதும் பெருமளவு அடங்கும்.

தேன்மொழி

எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். `idet` காட்டியதில் பெரும்பாலும் TFF. 10 நொடித் துண்டை ரஹீம் சார் சொன்னபடியும், வசந்தா அம்மா சொன்னபடியும் ஓட்டினேன். எங்கள் வீடியோவில் எழுத்து எதுவும் இல்லை, முகம்தான் முக்கியம் என்பதால் 384x288-ஐ எடுத்துக்கொண்டேன். இரவு 9:40-க்கு ஆரம்பித்தது 2 மணி தாண்டி முடிந்தது. அப்புறம் பாதிக்குப் பாதி கலந்தேன்.

பக்கத்தைத் திருப்பும் கை இப்போது ஒழுங்காக இருக்கிறது. விரலில் இருக்கும் மோதிரம் முன்பு வெறும் ஒளிப் புள்ளி, இப்போது வளையமாகத் தெரிகிறது. திரைச்சீலையின் பூக்கள் பிரிந்து தெரிகின்றன. அம்மா நேராகப் பார்க்கும் இடங்களில் அது அம்மாதான். தம்பியிடம் காட்டினேன், எதுவும் பேசாமல் மூன்று முறை பார்த்தான். அவன் முகம் மட்டும் தெளியவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்ததால் 16 பிக்சல்தான் இருந்தது.

ஒரே ஓர் இடம் உறுத்துகிறது. 3:10-இல் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். அங்கே பாதிக் கலந்த பிறகும் தாடை வேறு யாருடையதோ போல இருக்கிறது.

ரஹீம்

எவ்வளவு நேரம் அந்தத் திருப்பம்?

தேன்மொழி

4 நொடி. 100 பிரேம்.

ரஹீம்

அந்த 100 பிரேமுக்கு மட்டும் நெட்வொர்க்கே வேண்டாம். சாதாரணமாகப் பெரிதாக்கியதையே வையுங்கள், இரு முனையிலும் 10 பிரேம் மெல்ல மெல்லக் கலந்து மாற்றுங்கள். அந்த இடம் மங்கலாக இருக்கும், ஆனால் சிரிப்பது அவர்தான்.