வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு வேலை

குழு: ஈசூன் குடும்பம்
செவ்வாய்க்கிழமை, இரவு 8.40

கவின்: மாலதி சித்தி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பயிற்சி அலுவலகத்தில் என் மேற்பார்வையாளர் கொடுத்த வேலை முடிவதற்குள், அதே குழுவிலுள்ள மூத்த ஊழியர் ஒருவர் நாள்தோறும் ஏதாவது சேர்த்துவிடுகிறார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஸ்லைடு தொகுப்பு வேண்டும் என்று இன்று மாலை செய்தி அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முயற்சி செய்கிறேன் என்று எழுதலாமா?

பெரியப்பா: எதற்கு முயற்சி? வாரத்திற்கு 44 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று இங்கே சிங்கப்பூரில் சட்டமே இருக்கிறது. அதைச் சொல்.

அத்தை: வேலைப் பயிற்சியை விட்டு விலகப் போகிறாயா, கவின்? பலதுறைத் தொழிற்கல்லூரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

கவின்: விலகவில்லை, அத்தை. இந்த வாரம் இடமில்லை என்பதை மரியாதையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மாலதி சித்தி: அத்தான், 44 மணி நேர வரம்பு இருப்பது உண்மைதான், ஆனால் அது சம்பள உச்சவரம்புக்கு உட்பட்ட ஊழியர்களுக்கானது. கல்லூரி ஏற்பாடு செய்த பயிற்சிக்கு அதை அப்படியே பொருத்திப் பேச முடியாது. தவிர, அவனுடைய சிக்கல் சட்டமும் அல்ல. கவின், "முயற்சி செய்கிறேன்" என்பதை அவர் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார். பிறகு வியாழன் மாலை முடியவில்லை என்று நீ சொன்னால், அவருக்கு வேறு வழி தேட நேரம் இருக்காது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளுக்கும் உன்னிடம் உள்ளதை மணிக்கணக்கில் சொல்.

கவின்: நாளுக்கு 8 மணி என்றால் 24 மணி. வாடிக்கையாளர் மின்னஞ்சல்களை வகை பிரிக்கும் வேலையில் 360 மீதம் இருக்கின்றன. இன்று 4 மணி நேரத்தில் 120 முடித்தேன்.

மாலதி சித்தி: அப்படியானால் மணிக்கு 30, மீதிக்கு 12 மணி. கூட்டங்களும் வாராந்திர அறிக்கையும்?

கவின்: கூட்டங்களுக்கு 3, அறிக்கைக்கு 5. மொத்தம் 20 ஆகிறது. போன முறை ஸ்லைடுகளுக்கு 7 மணி நேரம் பிடித்தது.

மாலதி சித்தி: கையில் 4, தேவை 7. மூன்று மணி நேரம் பற்றவில்லை. இடையில் யாராவது கூப்பிட்டால் அந்த 4 மணியும் முழுதாகக் கிடைக்காது. ஆனால் கணக்கைக் கூட்டிச் சொல்லாதே. 12 மணி வேலையை 18 என்று ஒரு முறை சொல்லி அவர் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த முறை நீ சொல்லும் உண்மையான எண்ணையும் நம்பமாட்டார்.

அத்தை: வார்டில் நானும் இப்படித்தான் சொல்வேன். களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் எல்லோருக்கும் களைப்புதானே என்பார்கள். என்னிடம் ஏற்கெனவே எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று சொன்னால் புதியவரை வேறு தாதிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மாலதி சித்தி: உண்மைதான், ஆனால் வார்டில் நோயாளிகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிவார்கள். இவனுடைய வேலை இரண்டு பேரிடமிருந்து வருகிறது. அந்த மூத்தவருக்கு அவர் கொடுத்தது மட்டுமே தெரியும், அதனால் அவரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டியதில்லை. கவின், இப்படி எழுது, உன் அலுவலக ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்:

"வணக்கம். வெள்ளிவரை என்னிடம் 20 மணி நேர வேலை உள்ளது: மின்னஞ்சல் வகைப்படுத்தல் 12, அறிக்கை 5, கூட்டங்கள் 3. ஸ்லைடுகளுக்கு ஏறக்குறைய 7 மணி தேவைப்படும், என்னிடம் 4 தான் இருக்கிறது. ஸ்லைடுகள் முதலில் வேண்டுமென்றால், 90 மின்னஞ்சல்களைத் திங்கட்கிழமைக்குத் தள்ள என் மேற்பார்வையாளரின் ஒப்புதல் வேண்டும். அல்லது வெள்ளிக்குள் பாதி ஸ்லைடுகளைத் தர முடியும். எது சரி என்று நாளைக் காலைக்குள் சொன்னால் தொடங்கிவிடுவேன்."

நிவேதா: சித்தி, மேற்பார்வையாளரை இதில் இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூத்தவர் தன்னைப் புகார் செய்ததாக எடுத்துக்கொண்டால், பயிற்சி முடிவில் மதிப்பீடு எழுதும்போது அவருடைய கருத்தையும் கேட்பார்களே.

மாலதி சித்தி: அந்த அச்சம் நியாயமானதுதான், நிவேதா. ஆனால் மின்னஞ்சல் வேலை மேற்பார்வையாளருடையது. அதைத் தள்ளிப்போடும் உரிமை மூத்தவருக்கும் இல்லை, கவினுக்கும் இல்லை.

நிவேதா: அப்படியானால் மூத்தவரிடம் முதலில் தனியாகச் சொல்லட்டும். மேற்பார்வையாளரிடம் அவரே பேசிக்கொள்ளலாம்.

பெரியப்பா: எழுத்தில் இருப்பதே நல்லது. பின்னால் யாரும் மறுக்க முடியாது.

கவின்: மூத்தவருக்கு மட்டும் அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை, காலை 9.25

கவின்: பதில் வந்துவிட்டது. ஸ்லைடுகள் ஐந்து போதுமாம், அதுவும் வெள்ளி மதியத்திற்குள். மின்னஞ்சல்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாலதி சித்தி: ஐந்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கவின்: மூன்று மணி நேரம். கையிலுள்ள 4 மணி நேரத்திற்குள் அடங்கிவிடும்.

மாலதி சித்தி: அப்படியானால் மின்னஞ்சலைத் தள்ள வேண்டியதில்லை. ஐந்துக்கு மேல் கேட்டால் மறுபடியும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே எழுதிவிடு.

நிவேதா: அதை இப்போது எழுத வேண்டாம், கவின். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.