எல்லோரும் 5 போட்ட ஆண்டு

பம்புசெட் ஊழியர்:
எங்கள் பட்டறையில் ஊழியர்களின் ஈடுபாட்டை அளக்கும் கேலப் நிறுவனத்தின் 12 கேள்விகளைத் தமிழாக்கி, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லித் தாளில் கொடுத்தார்கள். வேலைக்குத் தேவையான கருவிகள் கிடைக்கின்றனவா என்று கேட்கும் 2ஆம் கேள்விக்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண் விழுந்தது. மறுவாரக் கூட்டத்தில் மேலாளர் ஒரு தாளை எடுத்து, "இரவு ஷிஃப்டில் மைக்ரோமீட்டர் பூட்டிய அலமாரியில் இருக்கிறது, சாவி ஸ்டோர்ஸ்காரரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது" என்று உரக்கப் படித்தார். இரவில் லேத்தில் நிற்பவர் ஒருவர்தான். எல்லோருடைய தலையும் அவர் பக்கம் திரும்பியதை இன்னும் மறக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அதே கேள்விக்கு அனைவரும் 5 போட்டோம், நிர்வாகம் இனிப்பு வழங்கியது. பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

மனிதவளம்_மதுரை:
தவறு படித்துக் காட்டியதில்தான் இருக்கிறது. ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் முடிவை வெளியிடக்கூடாது என்ற விதி இருந்தால் யாரும் அகப்படமாட்டார்கள்.

கணக்கர்:
அந்த விதி மட்டும் போதாது, நண்பரே. எங்கள் பிரிவில் 8 பேர், சராசரி 3.25 என்று அறிக்கை வந்தது. நிரந்தர ஊழியர்கள் ஐவரின் சராசரி 3.8 என்று தனியாகக் காட்டி, ஒப்பந்த ஊழியர்கள் மூவரை மட்டும் மறைத்திருந்தார்கள். 8 பேரின் கூட்டுத்தொகை 26, ஐவருடையது 19 என்பதால், மூவருக்கும் சேர்த்து 7 தான் மிஞ்சுகிறது. தேநீர் இடைவேளையில் மேற்பார்வையாளர் அதை உறைக் காகிதத்தின் பின்புறம் கழித்துப் பார்த்ததை நானே கண்டேன். ஒரு துண்டை மறைத்தால், அதன் பக்கத்துத் துண்டையோ மொத்தத்தையோ சேர்த்து மறைத்தாக வேண்டும்.

முதல்வகுப்பு:
எங்களிடம் ஒரே கேள்விதான் வந்தது: இங்கே வேலைக்குச் சேர நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை. நூற்றுக்கு 60 வாங்கினால் முதல் வகுப்பு என்று பழகிய நான், நல்ல மனத்தோடு 6 போட்டேன். 6 வரை போட்டவர்களை அதிருப்தியாளர்களாகவும், 9, 10 போட்டவர்களை ஆதரவாளர்களாகவும், 7, 8 போட்டவர்களை இரண்டிலும் சேராதவர்களாகவும் கொள்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. 20 பேரில் 9, 10 போட்டவர்கள் ஐவர், 6 வரை போட்டவர்கள் ஆறு பேர். எனவே 25 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்தைக் கழித்து, பிரிவுக்கு −5 என்று எழுதினார்கள். அதற்காக ஒரு நாள் ஊக்கப் பயிற்சி வகுப்பு வேறு. இதை வைத்துச் சம்பள உயர்வை நிறுத்துவார்களா?

மனிதவளம்_மதுரை:
சம்பளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஐயா. கணக்கர் சொல்வது சரிதான் என்றாலும், எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் எந்தப் பிரிவில் பூட்டு தொங்குகிறது என்று நாங்கள் எப்படி அறிவது?

பம்புசெட் ஊழியர்:
இரவு 10 மணிக்கு ஒரு முறை பட்டறைக்கு வந்து பாருங்கள். மூன்றாம் ஆண்டு புதிய மேற்பார்வையாளர் அப்படித்தான் வந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு, மறுநாளே இரண்டாவது சாவி வெட்டிக் கொடுத்தார். ஆனால் கருத்து எழுதும் கட்டத்தை இன்றும் எல்லோரும் வெறுமையாகத்தான் விடுகிறோம்.